52 சதவீதத் தள்ளுபடியும் 10 நாள் ரிட்டர்னும்: பிளாக் ஃபிரைடே விளம்பரம் குறித்த புகார்

பாம்பன்,
18.12.2025

பெறுநர்: குறைதீர் அலுவலர்

ஐயா / அம்மையீர்,

நவம்பர் 28 பிளாக் ஃபிரைடே விற்பனையில் உங்கள் தளத்தில் 32 அங்குல டிவி ஒன்று வாங்கினேன். விளம்பரத்தில் 24,990 ரூபாயை அடித்து, 11,990 என்று போட்டு, பக்கத்தில் '52% தள்ளுபடி' என்று எழுதியிருந்தீர்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த 24,990 எம்ஆர்பி. அதற்கு மேல் விற்கக்கூடாது என்கிற உச்ச விலை. தங்கச்சிமடத்தில் இருக்கும் என் மச்சான் இதே மாடலைத் தீபாவளிக்கு உங்களிடம்தான் வாங்கினார். பில்லில் 12,490 என்று இருக்கிறது. அப்படியென்றால் நிஜமாகக் குறைந்தது 500 ரூபாய், அதாவது 4 சதவீதம். எங்கள் ஊர் இறங்குதளத்தில் நேற்று நண்டு என்ன விலைக்குப் போனது என்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். ஆன்லைனில் நேற்றைய விலையை நீங்கள் சொன்னால்தான் உண்டு.

சரி, 500 ரூபாயும் லாபம்தான். அதற்காக நான் இதை எழுதவில்லை. 'கவலையின்றி வாங்குங்கள், 10 நாள் ரிட்டர்ன்' என்றீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

டிசம்பர் 3 அன்று டிவி வந்தது. உங்கள் ஆள்தான் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்பதால் காத்திருந்தோம். ராமநாதபுரத்திலிருந்து அவர் வந்து மாட்டியது 8ஆம் தேதி. 11ஆம் தேதி இரவு திரையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பச்சைக்கோடு விழுந்தது. மறுநாளே புகார் பதிந்தேன். அது ஒன்பதாம் நாள். 15ஆம் தேதி ஒருவர் வந்து பார்த்து, பேனல் பழுது, அடிபடவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு உங்களிடமிருந்து வந்த பதில்: 'ரிட்டர்ன் காலம் 13ஆம் தேதியோடு முடிந்தது.' டெக்னீஷியன் அறிக்கை வந்த நாளைத்தான் கோரிக்கை நாளாக எடுப்பீர்களாம். பழுது இல்லாவிட்டால் ரிட்டர்னே கிடையாது, பழுது இருந்தாலும் முதலில் மாற்று டிவிதான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. விளம்பரத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

நான் ஊரில் நாலு கடைக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுப்பவன். உங்களுக்கும் ஒன்று எழுதித் தருகிறேன்:

'எம்ஆர்பி 24,990. தீபாவளியில் எங்கள் விலை 12,490. இன்று 11,990. பழுதென்றால் டெலிவரியிலிருந்து 10 நாளுக்குள் புகார் பதிந்தால் போதும். எங்கள் ஆள் தாமதமாக வந்தால் அது எங்கள் பொறுப்பு. முதலில் மாற்று டிவி, அது இல்லையென்றால் பணம். பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்ப முடியாது.'

இப்படிப் போட்டிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. இந்தப் புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் நீங்கள் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனக்கு மாற்று டிவி வேண்டும், இல்லையென்றால் 11,990 ரூபாய் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைப்பேன். இரண்டு பில், டெக்னீஷியன் எழுதிய தாள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இணைத்துள்ளேன்.

பழைய டிவியைக் கொடுத்துவிட்டோம் என்பதால் வீட்டில் இப்போதும் அந்தப் பச்சைக்கோட்டோடுதான் செய்தி பார்க்கிறோம்.

இப்படிக்கு,
பாம்பன் வாடிக்கையாளர்