அறுபதுக்கு முதல் கண்ணைக் காட்டுங்கோ

ஆசிரியர் ஐயா,

அண்ணா யாழ்ப்பாணத்தில ஒரு தனியார் கொம்பனியில கனகாலம் வேலை செய்து 60 வயசில ரிட்டயர் ஆனவர், கொம்பனி குறூப் இன்சூரன்ஸ் கடைசி வேலை நாளோட நிண்டுபோச்சு, அது அவருக்குத் தெரியும். தெரியாதது ஈ.ரி.எஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிய விசயம். ரெண்டு மாசம் கழிச்சு கண்ணில கற்றரக்ற் ஒப்பரேசன் எண்டு முடிவாச்சு, பெரியாஸ்பத்திரியில ஒப்பரேசனுக்குக் காசில்லைத்தான், ஆனா லென்ஸை வெளியில வாங்கிக் குடுக்கச் சொன்னவை. ஈ.ரி.எஃப்-இல லென்சுக்கு உதவி இருக்கெண்டு ஆரோ சொல்ல, போம் நிரப்பப் போனால், அது கட்டுப்பணம் போய்க்கொண்டிருக்கிற ஆக்களுக்கு மட்டும்தானாம். முதலாளி கட்டுற 3 வீதம் நிண்டா லென்ஸ், இருதய சத்திரசிகிச்சை உதவியெல்லாம் நிண்டிடும், சேர்ந்த காசு மட்டும் கைக்கு வரும். கண்ணில பூ விழுந்தது வேலையில இருக்கேக்கையே தெரியும், ஒரு வருசம் முந்திச் செய்திருக்கலாம், கொம்பனியில ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

ஈ.பி.எஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதியும் மொத்தக் காசுதான், மருத்துவக் காப்பு இல்லை. அரச வேலையில இருந்து 2016-க்குப் பிறகு ஓய்வு பெற்ற ஆக்களுக்கு பென்சனில கழிச்சு அக்ரஹார மருத்துவக் காப்புறுதி தொடருது, அவை குடுத்து வச்சவை!

பிறைவேற் பொலிசி எடுக்கிறதெண்டா சீனி, பிரசர் வாறதுக்கு முதல் எடுக்கோணும். ஏற்கனவே இருக்கிற வருத்தத்துக்கு காத்திருப்புக் காலம் போடுவினம், இல்லாட்டி விலக்கிப்போடுவினம். வயசு எல்லையையும் கேளுங்கோ, அண்ணாவுக்கு ஏஜென்ற் அதைக் கடைசியாத்தான் சொன்னவர்.

ஒரு வாசகி,
நல்லூர்