ஒரே ஒரு எழுத்துதானேன்னு சொன்னியே, அதுக்குத்தான் இந்த லெட்டர்

கண்ணு முருகா,

நல்லா இருக்கியா, மருமக நல்லா இருக்காளா, மைசூர்ல மழை விட்டுச்சா. இங்க அல்சூர்ல சாயங்காலம் ஆனா கொட்டிடுது. நம்ம எண்ணெய்க் கடைக்கு நீ எழுதின போர்டுல ஒரு எழுத்து தப்பா இருக்கறத பத்தி நேத்து போன்ல முழுசா பேச முடியல, கடையில ஆள் நின்னுட்டு இருந்தாங்க, நீயும் "ஒரு எழுத்துதானேம்மா, ஞாயித்துக்கிழமை காலையில வந்து சொரண்டிட்டு மாத்தி எழுதிட்டு சாயங்கால வண்டிக்கே திரும்பிடறேன்"னு சொல்லி வெச்சிட்ட. அது அப்படி முடியற வேலை இல்லடா. ராத்திரி கடை சாத்தினதும் டேப் எடுத்துட்டுப் போயி போர்டை அளந்து பாத்துட்டுதான் இத எழுதறேன், பொறுமையா படி.

முதல்ல தப்பு என்னன்னு ஒழுங்கா சொல்லிடறேன். மேல கன்னடத்துல "காணத எண்ணெ"ன்னு வரணும், செக்கு எண்ணெய்னு அர்த்தம். நீ மூணு சுழி ண போட வேண்டிய எடத்துல ரெண்டு சுழி ன போட்டுட்ட, அதாவது நம்ம தமிழ் கணக்குல சொல்றேன், கன்னடத்துல சுழி கணக்கு கிடையாதுன்னு உனக்குத் தெரியும். இப்ப அத படிச்சா "கானத எண்ணெ"ன்னு வருது, கன்னடத்துலயும் கானம்னா பாட்டுதான். எதிர் சந்துல இருக்கிற ரிடையர்ட் டீச்சரம்மா நல்லெண்ணெய் வாங்க வந்தப்ப தனியா கூப்பிட்டு மெதுவா சொன்னாங்க, மத்தவங்க முன்னாடி சொல்லல, அவங்க மனசு அப்படி. நீ போன்ல இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு கன்னடமா மாத்தி எடுத்திருப்ப, அதுல ரெண்டு ணவுக்கும் ஒரே எழுத்த தட்டுறதால முதல்ல வர்றது சின்ன னதான், அங்கதான் மாறியிருக்கும்னு அந்தம்மாவே சொன்னாங்க. பக்கத்து வார்த்தை எண்ணெ சரியாத்தான் இருக்கு, அத நீ எத்தனையோ கடைக்கு எழுதியிருப்ப, கை தானா போயிருக்கு.

சரி, இப்ப ஏன் ஒரு எழுத்த மட்டும் மாத்த முடியாதுங்கறேன்னா, அந்த ரெண்டு எழுத்தும் ஒரே அகலம் இல்ல. நான் அளந்தேன். நீ எழுதின ன எட்டு இஞ்ச். அதே வரியில எண்ணெயில வர்ற ண பன்னெண்டு இஞ்ச் இருக்கு. எட்டு இஞ்ச் எடத்துல பன்னெண்டு இஞ்ச் எழுத்த நசுக்கி வெச்சா தூரத்துல இருந்து பாக்கறவனுக்கு அது ணவா வேற ஏதாவதான்னே புரியாது, பஸ் ஸ்டாப்ல இருந்து படிக்கணும்னுதானே கைகாசு போட்டு இவ்ளோ பெருசா எழுதச் சொன்னேன். அந்த னவுலயே ஒரு கோடு சேத்து ணவா ஆக்கிடலாம்னு நெனைக்காத, னவுக்கு மேல தலைக்கட்டு இருக்கு, ணவுக்கு தலைக்கட்டே கிடையாது, அடியில வளைவும் வேற மாதிரி. முழுசா எடுத்தே ஆகணும்.

அதனால நான் ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கேன், உனக்கு சரின்னு பட்டா பண்ணு. இப்ப அந்த முதல் வார்த்தை முழுசும் முப்பது இஞ்ச்: கா பன்னெண்டு, ன எட்டு, த எட்டு, நடுவுல ஒவ்வொரு இஞ்ச் ரெண்டு சந்து. ண வந்தா முப்பத்தி நாலு ஆகுது. காவையும் தவையும் அரை அரை இஞ்ச் ஒடுக்கி எழுதினா முப்பத்தி மூணு, அரை இஞ்ச் ஒடுக்கறது கண்ணுக்குத் தெரியாது. மிச்சம் மூணு இஞ்சுல ரெண்டு இஞ்ச் இடது பக்க மார்ஜின்ல இருந்து எடுத்துக்கோ, அங்க ஏழரை இருக்கு, அஞ்சரை ஆகும். ஒரு இஞ்ச் ரெண்டு வார்த்தைக்கு நடுவுல இருக்கிற சந்துல எடு, அஞ்சு நாலாகும், எழுத்துக்கு எழுத்து ஒரு இஞ்ச்தான் சந்துங்கறதால நாலு இருந்தா வார்த்தை தனியாத்தான் தெரியும். வரி நடுவுல இருந்து ஒரு இஞ்ச் இடது பக்கம் தள்ளிப் போகும்தான், ஆனா ஆறடி போர்டுல அது தெரியாது, எண்ணெய தொடாம விட்டுடலாம், அதுதான் பெரிய மிச்சம். வரியையே சின்னதாக்கி இடம் பண்ணலாம்னு மட்டும் போகாத, 2024ல கொண்டு வந்த சட்டப்படி போர்டுல 60 சதவீதம் கன்னடம் இருக்கணும், அதுவும் மேல் பாகத்துல, மூணடி உயரத்துல இருபத்திரண்டு இஞ்ச் நீ சரியா விட்டு இருக்க, அது கெடக் கூடாது. கீழ இருக்கிற இங்கிலீஷும் நம்ம தமிழும் அப்படியே இருக்கட்டும்.

ஆக மூணு எழுத்தையும் அழிச்சிட்டு திருப்பி எழுதணும். அதுக்குத்தான் நாலு நாள் வேணும்னு சொல்றேன்.

உங்கப்பாவுக்கு டப்பா கலக்கிக் குடுத்தே எனக்கு வயசாச்சு, அதனால அதிகப்பிரசங்கித்தனம்னு நெனைக்காம கேளு. சிவப்பு எழுத்து மேல நேரா மஞ்சள் அடிச்சா மூடாது. மஞ்சளுக்கு அந்த சக்தியே இல்ல, நாலு கோட் அடிச்சாலும் வெயில் பட்டா உள்ள இருக்கிற சிவப்பும் கறுப்பு ஷேடும் நிழல் மாதிரி தெரியும், சில சிவப்பு மேல கசிஞ்சு மஞ்சளையே ஆரஞ்சாக்கிடும். முதல்ல உப்புத்தாள், நானூறு நம்பர் வாட்டர் பேப்பர், தண்ணி தொட்டுத் தேய். எழுத்தோட ஓரம் மேடா இருக்கும் பாரு, அந்த மேடு போற வரைக்கும் தேய்க்கணும், கண்ண மூடிட்டு விரல வெச்சுத் தடவிப் பாத்தா தெரியும். அந்த மேடு கொஞ்சம் இருந்தாலும் அத்தன கோட் அடிச்சும் சாயங்கால வெயில் சாய்வா விழறப்ப பழைய ன நல்லாவே எழுந்து நிக்கும். அவென்யூ ரோட்டுப் பக்கம் ஒரு கடையில இப்படி பழைய பேர் புது பேர் வழியா தெரியறத நானே பாத்திருக்கேன், பாவமா இருக்கும்.

தேய்க்கறதுக்கு முன்னாடி ஒரு ஓரத்துல நகத்தால அழுத்திப் பாரு. மேல காஞ்ச மாதிரி இருக்கும், இந்த ஈரக்காத்துல அடி இன்னும் பச்சையாத்தான் இருக்கும். நகம் பதிஞ்சாலோ, தேய்க்கறப்ப பேப்பர்ல பிசினு மாதிரி உருண்டு ஒட்டிக்கிட்டாலோ அன்னிக்கு தொடாத, ரெண்டு நாள் வெயில்ல வெச்சிட்டு அப்புறம் பாத்துக்கலாம். தின்னர் கொண்டு வராத தயவு செஞ்சு. அவசரத்துக்கு தின்னர்ல தொடச்சா சீக்கிரம் போகும்தான், ஆனா பக்கத்துல இருக்கிற நல்ல பெயின்ட்டும் சுருங்கி எழும்பிடும், அப்புறம் போர்டு முழுசும் வேலை. டர்பன்டைன் போதும், அதுவும் பிரஷ்ஷுக்கு மட்டும்.

தேய்ச்சு தொடச்சதும் வெள்ளை ஒரு கோட், அது ஒரு நாள் காயட்டும். அடுத்த நாள் காலையில மஞ்சள், அதுக்கடுத்த நாள் ரெண்டாவது மஞ்சள். நீ மீதி வெச்சிட்டுப் போன டப்பா என்கிட்டயே இருக்கு, மூடி இறுக்கி வெச்சிருக்கேன், கடையில புதுசா வாங்காத, அதே கம்பெனி அதே பேரா இருந்தாலும் டப்பாவுக்கு டப்பா கொஞ்சம் மாறும். அடி வரைக்கும் நல்லா கலக்கு. இன்னொன்னு, மஞ்சள எழுத்து இருந்த எடத்துக்கு மட்டும் சதுரமா அடிக்காத, ஒட்டுப் போட்டது நல்லா தெரியும், புதுசு பளபளன்னு இருக்கும் பழசு தூசி படிஞ்சிருக்கும். இடது பக்கம் பார்டர் கோடு வரைக்கும், மேலயும் பார்டர் வரைக்கும், கீழ இங்கிலீஷுக்கு மேல நீ இழுத்த சிவப்புக் கோடு வரைக்கும், வலது பக்கம் ரெண்டு வார்த்தைக்கு நடு சந்து வரைக்கும் அடி. மூணு பக்கம் கோட்டுலயே முடிஞ்சிடும், நாலாவது பக்கம் மட்டும்தான் ஜாயின்ட், அத பிரஷ் காஞ்ச நுனியால மெலிசா இழுத்து விட்டா போதும்.

நாலாவது நாள் எழுத்து. ணவுக்கு எண்ணெயில இருக்கிற ணவ டிரேஸ் எடுக்கப் போற, அதுல மேல எகரக் குறி ஒட்டியிருக்கு, கீழ ஒத்து ண தொங்குது, ரெண்டையும் விட்டுட்டு நடு உடம்ப மட்டும் எடு, மேல் முடிவு எப்படி வரணும்னு டீச்சரம்மா ஒரு தாள்ல பெருசா எழுதிக் குடுத்திருக்காங்க, கல்லாவுல வெச்சிருக்கேன். சாக்பீஸ்ல வரைஞ்சதும் பிரஷ் எடுக்காம கொஞ்சம் நில்லு, நான் அவங்கள கூட்டிட்டு வர்றேன், படிச்சு சரின்னு சொல்லட்டும். சாக்பீஸ்னா ஈரத் துணியில போயிடும். சிவப்பு காஞ்சு அடுத்த நாள் காலையில கறுப்பு ஷேடு போட்டுட்டு நீ மதிய வண்டிக்குக் கிளம்பிடலாம்.

வேலைய கடைக்குள்ள வெச்சுக்க வேணாம். பெயின்ட் வாசன எண்ணெய்ல ஏறிடும், மூடி வெச்ச டின்னுனாலும் ஊத்தறப்ப தொறக்கணுமே, கடலெண்ணெய் டர்பன்டைன் வாசன அடிச்சா எவன் வாங்குவான். மொட்டை மாடியில தகரக் கொட்டாய் காலியாத்தான் இருக்கு, போர்ட நாலு போல்ட்டு கழட்டி மேல தூக்கிக்கலாம், பக்கத்து வெல்டிங் கடை பசங்க கை குடுக்கறேன்னாங்க. வெளிய வெச்சு அடிச்சா சாயங்கால ஈரம் பட்டு எனாமல் பளபளப்பு செத்து வெளுத்துப் போகும், அதனால கொட்டாயிக்குள்ளயே காலையில அடிச்சு முடிச்சிடு.

பக்கத்து கடைக்காரர் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிடலாம் நூத்தம்பது ரூபாதான்னு சொன்னார். வேணாம்னுட்டேன். இது நீ கையால எழுதின போர்டு, அது மேல ஸ்டிக்கர் ஒட்ட எனக்கு மனசு வரல.

அதனால ஞாயித்துக்கிழமை வேணாம்ப்பா. அங்க கைவசம் இருக்கிற வேலைய முடிச்சிட்டு செவ்வாய் ராத்திரி வண்டியில வா, புதன் காலையில நகம் வெச்சுப் பாத்து ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமை மதியம் கிளம்பலாம். பச்சையா இருந்தா ரெண்டு நாள் கூட ஆகும், அத அங்க சொல்லிட்டு வா. உன் பட்டை பிரஷ்ஷும் நம்பர் எட்டு பிரஷ்ஷும் கொண்டு வா, இங்க இருக்கிறது முடி கொட்டுது. வெள்ளை பெயின்ட்டும் உப்புத்தாளும் நான் வாங்கி வைக்கிறேன். நாலு நாள் கூலி விட்டுப் போகும்னு யோசிக்காத, அத நான் குடுத்துடறேன், வேண்டாம்னு சொல்லக் கூடாது, கடைக் கணக்குல போர்டு செலவுன்னு எழுதியாச்சு.

மருமகளுக்கு ரெண்டு லிட்டர் நல்லெண்ணெய் எடுத்து வெச்சிருக்கேன், திரும்பறப்ப எடுத்துட்டுப் போ. வண்டி ஏறினதும் ஒரு போன் பண்ணு.

அம்மா