காப்புறுதி வீடியோவில் உள்ள நாட்கணக்கு பற்றி

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

விபத்துக்குப் பிறகு காப்புறுதிப் பணம் எடுப்பது எப்படி என்று நாங்கள் செய்த வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் எத்தனை நாளில் வேலை முடியும் என்று வரும் நாட்கணக்குப் படத்தைக் காட்டி, "கராஜில் வாகனத்தைக் கழட்டிப் போட்டுவிட்டு பில்லைக் கூட்டுகிறார்கள்" என்று ஒரு கதை மாங்குளம் தாண்டி மல்லாவி வரை போய்விட்டது. தாமதம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பில்லைக் கூட்டுகிறோம் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எந்தக் காரால் வந்த கதை என்பது எங்களுக்கும் தெரியும். உரிமையாளர் நல்ல மனிதர், அவரில் குறை சொல்லவில்லை. ஏ9 வீதியில் இரவு மாடு குறுக்கே வந்து மோதியது. காப்புறுதி நிறுவனத்தின் அசெசர் வந்து படம் எடுத்தார். பம்பர், பொனட், ஒரு ஹெட்லைட், தண்ணீர் ஒழுகியதால் ரேடியேட்டர் என்று வெளியே தெரிந்ததை எழுதினார். முதல் மதிப்பீடும் அனுமதியும் அதற்கு மட்டுந்தான். பம்பரைக் கழட்டிய பிறகுதான் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் வளைந்திருப்பதும் ஏசி கண்டென்சர் நசிந்திருப்பதும் தெரிந்தது.

அந்த இடத்தில் நாங்கள் கையை எடுத்துவிட வேண்டும். படம் எடுத்து, மேலதிக மதிப்பீடு எழுதி அனுப்பி, நிறுவனத்தார் திரும்ப வந்து பார்க்கும்வரை சட்டத்தை நிமிர்த்தக் கூடாது. நிமிர்த்திவிட்டால், அது இந்த விபத்தில் வந்த சேதம் என்று எதை வைத்துக் காட்டுவது? அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். கழட்டிய உடைசல்களை உரப்பையில் கட்டி வைப்பதும் இதற்காகத்தான், எடைக்கு விற்பதற்கு அல்ல.

கையிலிருந்து கட்டச் சொன்ன பணமும் எங்களுடையது இல்லை. ஒப்பந்தத்தில் உங்கள் பங்கு என்று போட்டிருக்கும் தொகையும், பழைய வாகனத்துக்குப் புதுப் பாகம் போடும்போது கழிக்கும் தேய்மானமும் அது. நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தை எங்கள் பில்லோடு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள்.

சரி, நாட்கணக்கு. படத்தில் முதல் நாள் என்பது எல்லா ஆவணமும் சேர்ந்து அனுமதி வந்த நாள், மோதிய நாள் அல்ல. சாரதி அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, பதிவுப் புத்தகம், வாகன வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் கொண்டுவருகிறீர்கள். லீசிங் வாகனமென்றால் லீசிங் கம்பனியின் சம்மதக் கடிதந்தான் அனேகமாக விடுபடுகிறது. யாருக்காவது காயமோ, அடுத்தவர் பொருளுக்குச் சேதமோ என்றால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் வேண்டும்.

கதை பரவிய பிறகும் வாகனத்தை இங்கேயே கொண்டுவந்து விட்டவர்களை மறக்க மாட்டோம். உங்களால்தான் இந்தக் கொட்டகை திறந்திருக்கிறது, மனமார்ந்த நன்றி.

அப்புறம், கடித வேலை பார்த்த தம்பி வெளிநாடு போய்விட்டதால், வரும் மாதத்திலிருந்து ஆவணங்களை நீங்களே நிறுவனத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். வேறிடத்தில் திருத்துபவர்களுக்கு மதிப்பீடு எழுதச் சிறு கட்டணமும் உண்டு.

இப்படிக்கு,
கராஜ் உரிமையாளர்,
மாங்குளம்