கோத்தகிரித் தோழிக்கு, பழைய பிரெட்டைப் பற்றி

தூத்துக்குடி
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. மூட்டுவலி குறைந்து, கைத்தடி இல்லாமல் கடைத்தெரு வரை போய்வருகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். தம்பி மகள் கல்லூரிப் படிப்புக்காக எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டில் மறுபடியும் ஒரு இளங்குரல் கேட்பது எனக்கும் அவருக்கும் பெரிய ஆறுதல்.

உன் கடிதத்தின் நடுவே இருந்த நாலு வரிகள்தான் இரண்டு நாளாக மனத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பேரன்கள் வந்திருந்தபோது நான்கு நாள் பழைய பிரெட்டில் முட்டை போட்டு உப்புமா செய்தாய், அது களியாகிவிட்டது, பிள்ளைகள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். "கல் மாதிரி இருந்ததே என்று ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுப் பிசிறினேன்" என்றும் எழுதியிருக்கிறாய். காரணம் அந்த ஒரு டம்ளர்தான். உன் கைப்பக்குவத்தில் எந்தக் குறையும் இல்லை.

கெட்டியான பிரெட்டைப் பார்த்தால் ஈரம் வற்றிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் பிரெட் கெட்டியாகிறதே! வேதியியல் வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை இது. பூசேங்கோ என்ற ஃபிரெஞ்சு வேதியியலாளர் 1852இலேயே இதைச் சோதித்துக் காட்டினார். ஈரம் வெளியேற வழியில்லாமல் மூடி வைத்த ரொட்டியும் பழசாகிறது, அதையே 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மறுபடி மிருதுவாகிறது என்று கண்டார். அடுப்பில் வேகும்போது மாவிலுள்ள ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்து உப்பி இளகுகிறது. ஆறிய பிறகு அது மெல்ல மெல்ல மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுகிறது. தண்ணீர் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. பிரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போய், சூடாக்கியதும் இளகுவதை நீ தினமும் பார்க்கிறாய். இரண்டும் ஒன்றுதான்.

இட்லி உப்புமாவுக்கு நம் அம்மாக்கள் என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பார். சூடான இட்லியை உதிர்த்தால் கையில் மாவாக ஒட்டும். முதல் நாள் இட்லி நன்றாக ஆறி இறுகினால்தான் பொலபொலவென்று உதிரும். உதிர்த்த இட்லியில் யாரும் தண்ணீர் விட்டதில்லை, தாளிப்பின் சூட்டிலேயே அது இளகிவிடும். பிரெட்டுக்கும் அதே வழிதான். அதற்குத் தேவை சூடு. ஈரத்தை வெங்காயமும் முட்டையும் கொடுத்துவிடும்.

நேற்று மூன்று பேருக்கு நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஆறு துண்டு பிரெட், மூன்று நாள் பழையது. ஓரத்தை வெட்டி எறியாதே, உப்புமாவில் கடித்துச் சாப்பிட ஏதாவது இருப்பது அந்த ஓரத்தால்தான். விரல் அகலச் சதுரங்களாக நறுக்கினேன். பொடியாகக் கிள்ளிப் போட்டால் முட்டையை உறிஞ்சிக் கூழாகிவிடும். அகன்ற வாணலியில் ஒரு சிறிய கரண்டி நெய் விட்டு, நடுத்தரத் தீயில் ஐந்தாறு நிமிடம் புரட்டினேன். வெளிப்புறம் லேசாகச் சிவந்து, கரண்டி படும்போது சலசலவென்று சத்தம் வரவேண்டும். இந்த வறுத்த மேல்தோல்தான் பிறகு முட்டையும் வெங்காயச் சாறும் உள்ளே இறங்காமல் காக்கிறது. வறுத்ததைத் தட்டில் கொட்டிப் பரப்பி வைத்தேன். குவித்து வைத்தால் ஆவியில் வியர்த்துவிடும்.

அதே வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய் மூன்று. பெரிய வெங்காயம் இரண்டை நீளவாக்கில் மெல்லியதாக நறுக்கிப் போட்டேன். இங்கே அவசரப்படக்கூடாது. உப்பு போட்டதும் வெங்காயம் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வற்றி, ஓரங்கள் பழுப்பாகத் தொடங்கும்வரை ஏழெட்டு நிமிடமாவது ஆகும். கண்ணாடிப் பதத்தில் நிறுத்தினால் மிச்ச ஈரமெல்லாம் பிரெட்டுக்குப் போய்விடும். உப்பைப் பற்றி ஒன்று: பிரெட்டில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. வெங்காயத்துக்கும் முட்டைக்கும் சேர்த்து அரைத் தேக்கரண்டி போதும். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி. தக்காளி நான் சேர்ப்பதில்லை. உனக்கு வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று போட்டு, எண்ணெய் பிரியும்வரை வதக்கு.

இனி முட்டை. மூன்று முட்டையை அடித்து வைத்துக்கொள். வெங்காயத்தை ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் ஊற்றி, அரை நிமிடம் தொடாமல் விடு. அடியில் உறையத் தொடங்கியதும் பெரிய பெரிய மடிப்பாகத் திருப்பிக் கொடு. முக்கால் பங்கு உறைந்து, மேலே இன்னும் பளபளவென்று ஈரம் தெரியும்போது வெங்காயத்தோடு கலந்து, பிரெட்டைக் கொட்டிவிடு. அந்தக் கால் பங்கு ஈர முட்டைதான் ஒவ்வொரு துண்டின் மேலும் மெல்லிய பூச்சாகப் பிடித்து உறையும். முழுவதும் உறைந்த பிறகு பிரெட்டைப் போட்டால் முட்டை தனியாகவும் பிரெட் தனியாகவும் நிற்கும். பச்சை முட்டையைப் பிரெட் மேலேயே ஊற்றினால் உனக்கு நேர்ந்த களிதான் வரும். பிறகு ஒன்றரை நிமிடம் புரட்டி இறக்கி, கொத்தமல்லி தூவி, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தேன். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

உன் ஊருக்கு மட்டும் ஒரு திருத்தம் சொல்லவேண்டும். பிரெட் குளிரில் வேகமாக இறுகும், உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் குளிர்தான் அதற்கு மிக மோசம். அதனால் பிரிட்ஜில் வைத்த பிரெட் வெளியே வைத்ததைவிடச் சீக்கிரம் பழசாகிறது. மலைக்குளிரில் உன் சமையலறை அலமாரியே பாதி பிரிட்ஜ்தானே! உன் பிரெட்டும் என்னுடையதைவிடச் சீக்கிரமாகவே கல்லாகும். ஒரு துண்டை அழுத்திப் பார். மெல்லக் குழிந்து மெல்ல மேலே வந்தால் நான் சொன்னபடியே செய். வளைத்ததும் ரஸ்க் மாதிரி ஒடிந்தால் உண்மையிலேயே ஈரமும் போயிருக்கிறது என்று பொருள். அப்போது முட்டையோடு கலந்த பிறகு இரண்டு மேசைக்கரண்டி பாலை விரலால் தெளித்து, ஒரே ஒரு நிமிடம் மூடி வை. அதற்கு மேல் வேண்டாம். மிஞ்சும் என்று முதலிலேயே தெரிந்தால் ஃப்ரீசரில் போட்டுவிடு, அங்கே இறுகுவது கிட்டத்தட்ட நின்றுவிடும்.

எனக்கு இங்கே வேறு கவலை. பிரெட் கல்லாவதற்கு முன்பே பூசணம் பிடித்துவிடுகிறது, அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில் சொல்லவே வேண்டாம். ஒரு துண்டில் பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் பொட்டலம் முழுவதையும் எறிந்துவிடுகிறேன். பிரெட் மென்மையானது என்பதால் பூசண இழை கண்ணுக்குத் தெரியாமல் வெகுதூரம் உள்ளே ஓடியிருக்கும். அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதே, பூசணம் விட்ட நஞ்சு வறுத்தாலும் போகாது. புள்ளியே இல்லாமல் கனிந்த கிர்ணிப்பழ வாசனை வந்து, பிட்டால் நூல் நூலாக இழுபட்டாலும் அதைத் தொடாதே. அது அடுப்புச் சூட்டையும் தாங்கும் ஒருவகைக் கிருமியின் வேலை.

தம்பி மகள் இதை ஒருநாள் டப்பாவில் போட்டுக் கல்லூரிக்கு எடுத்துப்போனாள். மதியம் தோல் மாதிரி இழுத்ததாம். சூட்டில் இளகிய ஸ்டார்ச் ஆறினால் திரும்பவும் இறுகத்தான் செய்யும். அதனால் இறக்கியதும் சாப்பிடவேண்டும், பேரன்கள் வந்து உட்கார்ந்த பிறகே முட்டையை ஊற்று.

இரண்டு மூன்று துண்டுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் உப்புமா வேண்டாம், மசாலா டோஸ்ட் போடு. புதுப் பிரெட்டை முட்டையில் முக்கினால் கையோடு பிய்ந்து வரும். பழையது அரை நிமிடம் ஊறினாலும் உருக்குலையாது. வெங்காயத்தை முட்டையோடு கலக்காதே, துண்டில் ஒட்டாமல் எல்லாம் கிண்ணத்தின் அடியிலேயே தங்கிவிடும். உப்பும் மிளகும் சேர்த்து அடித்த முட்டையில் துண்டை இருபுறமும் நனைத்துத் தோசைக்கல்லில் போட்டு, மேல்புறம் ஈரமாக இருக்கும்போதே மிகப் பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லியைத் தூவி, தோசைக்கரண்டியால் அழுத்தி, கிண்ணத்தில் மிஞ்சிய முட்டையை ஒரு கரண்டி அதன்மேல் விட்டுத் திருப்பு. தீ சிறியதாகவே இருக்கட்டும்.

விடுதியில் நம் அறைத்தோழிக்குக் காய்ச்சல் வந்த வாரம் நினைவிருக்கிறதா? அவளுக்கு வாங்கிய பிரெட்டில் பாதி அப்படியே கிடந்தது. ஞாயிறு இரவு விடுதியில் சாப்பாடு இல்லை. நீதான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வெங்காயத்தையும் இரண்டு முட்டையையும் போட்டுக் கிளறினாய். பிரெட் என்றால் காய்ச்சல்காரருக்குப் பாலில் தொட்டுக் கொடுப்பது என்று மட்டுமே தெரிந்த வீட்டிலிருந்து வந்தவள் நான். அன்று நீ வைத்த தட்டின் வாசனை இன்னும் எனக்குள் இருக்கிறது. அந்தத் தட்டை எனக்குக் கொடுத்தவளுக்குத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் ஊர் பேக்கரியில் கிடைப்பது உப்பு பிரெட்டா, இனிப்பு பிரெட்டா? இனிப்பு என்றால் வறுக்கும்போதே சீக்கிரம் கருகும், மிளகாயும் ஒன்று கூடுதலாக வேண்டும். பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி