மெஸ் கமிட்டிப் பிள்ளைகளுக்கு ஒரு மளிகைக்காரன் மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

பாளையங்கோட்டையில் உங்கள் விடுதிக்குச் சாமான் போடுகிற கடைக்காரன் எழுதுகிறேன். 'தேதி முடிந்த சரக்கு' என்று சீட்டு ஒட்டி ரவைப் பாக்கெட்டுகளை ஒதுக்கி வைத்திருந்தீர்கள். எடுத்துப்போக வந்தபோது உங்கள் ஃப்ரிட்ஜையும் பார்த்தேன். கதவோரத்தில் போன ஞாயிறு சொதிக்கு உடைத்த ஒரு லிட்டர் தேங்காய்ப்பால் பெட்டி பாதி மிச்சத்தோடு நின்றது. கேட்டால், "அதுக்கு மார்ச் வரைக்கும் தேதி இருக்கே அண்ணாச்சி" என்றார் ஒரு தம்பி. இதைத்தான் நேரில் சொல்ல நேரமில்லாமல் எழுதுகிறேன்.

முதலில் ரவை. அந்தப் பாக்கெட்டில் இரண்டு தேதிகள் உண்டு. முடிந்தது 'பெஸ்ட் பிஃபோர்'. அதற்குக் கீழே இருக்கிற 'யூஸ் பை' இன்னும் வரவில்லை. முதல் தேதி சுவை, மணம், பக்குவம் பற்றி மட்டும் பேசுகிறது. அது தாண்டினாலும் சாமான் சாப்பிடத் தக்கதாக இருக்கலாம். இரண்டாவது தாண்டினால் நான் விற்கக்கூடாது, நீங்களும் சமைக்கக்கூடாது. 2020-இல் வந்த லேபிள் விதிப்படி 'யூஸ் பை' கட்டாயம், 'பெஸ்ட் பிஃபோர்' போடுவது கம்பெனியின் விருப்பம். அதனால் மேலே கண்ணில் பட்ட தேதியோடு நின்றுவிடாமல் கீழேயும் பாருங்கள். ரவையில் வண்டு இருக்கிறதா, கட்டி தட்டியிருக்கிறதா, காறல் வாடை வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வறுத்து உப்புமா கிண்டலாம். நம்ம ஊர் வெயிலில் அடுப்பு பக்கத்தில் வைத்த ரவை தேதிக்கு முன்னாலேயே கெடும், அதையும் சொல்லிவிடுகிறேன். தேதியெல்லாம் பாக்கெட்டில் சொன்னபடி வைத்திருந்தால்தான்.

இப்போது அந்தப் பெட்டி. தேங்காய்ப்பாலைச் சில நொடி கிட்டத்தட்ட 140 டிகிரிச் சூட்டில் காய்ச்சி, கிருமி நீக்கிய அட்டைப்பெட்டிக்குள் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். மாதக்கணக்கில் வெளியில் வைத்தாலும் நிற்பது இதனால்தான். மார்ச் என்று போட்டது அடைத்த பெட்டிக்கு. மூலையை வெட்டிய நிமிடத்தில் காற்றும் கையும் கத்தரியும் உள்ளே கிருமியைச் சேர்த்துவிடும். அப்புறம் அது வீட்டில் பிழிந்த பாலுக்குச் சமம். பக்கவாட்டில் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள்: திறந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், இத்தனை நாளுக்குள் தீர்த்துவிடுங்கள் என்று. பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான். அந்த நாளும், உடைத்தவுடனே குளிரில் வைத்தால் மட்டும். உங்கள் பெட்டி காலையில் உடைபட்டு, பந்தி முடிகிற வரை மேடையில் இருந்து, சாயங்காலம்தான் உள்ளே போனதாகச் சமையல்கார அக்கா சொன்னார். 32 டிகிரிக்கு மேல் வெக்கை என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடக்கூடாது. சித்திரை மாதம் உங்கள் சமையற்கட்டில் எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள்.

"மோந்து பார்த்தோம், நல்லாத்தான் இருந்தது" என்பீர்கள். புளித்த வாடை, நூல் விடுவது, நிறம் மாறுவது, பெட்டி உப்பியிருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் கொட்டுங்கள். உப்பிய பெட்டி உடைக்காததாக இருந்தாலும், தேதி இருந்தாலும் எனக்கே திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன். ஆனால் வாடை இல்லை என்பதால் நல்லது என்று ஆகிவிடாது. பாலைப் புளிக்க வைக்கிற கிருமி வேறு, வயிற்றைக் கெடுக்கிற கிருமி வேறு. பின்னது பல நேரம் வாடையே காட்டாது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. சில கிருமிகள் விட்டுப்போகிற நஞ்சு கொதியிலும் அழியாது. ஒன்று மட்டும் பயப்பட வேண்டாம்: ஃப்ரிட்ஜில் மேலே வெள்ளையாகக் கட்டி நிற்பது தேங்காய்க் கொழுப்பு. அது கெட்டது அல்ல, சூட்டில் உருகிவிடும்.

எல்லாச் சாமானும் இப்படி அவசரப்படுத்தாது. தக்காளி சாஸில் புளிப்பு உண்டு, ஜாமில் சர்க்கரை உண்டு. ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். ஈரக் கரண்டியை விட்டு ஜாமில் பூஞ்சை பிடித்தால் மட்டும் மேலாக வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்னாதீர்கள்.

ஃப்ரிட்ஜ் மேலே ஒரு பேனாவும் டேப்பும் கட்டி வையுங்கள். உடைத்த தேதியைப் பெட்டியிலேயே எழுதட்டும். மிஞ்சினால் அன்றைக்கே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். உருகும்போது கொஞ்சம் திரிந்த மாதிரி இருக்கும், சொதிக்கு அது பரவாயில்லை. இன்னும் சுலபம், ஒரு லிட்டருக்குப் பதில் 200 மில்லி பெட்டியாக வாங்குவது. லிட்டர் கணக்கில் விலை கொஞ்சம் கூடும், ஆனால் கொட்டுகிற கணக்கைப் போட்டால் சரியாகிவிடும். வியாழனுக்குள் எத்தனை வேண்டும் என்று சீட்டு அனுப்புங்கள். அந்த ரவைப் பாக்கெட்டுகளை வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எடுத்து உள்ளே வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடை அண்ணாச்சி