ரேகை பொருந்தியதற்குச் சான்று இருக்கிறது, பணம் தந்ததற்கு?

மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் வங்கி முகவரிடம் ஆகஸ்ட் 4 அன்று என் அம்மா கைரேகை வைத்தும் கைக்கு வராமல், கணக்கில் மட்டும் கழிக்கப்பட்ட 3,000 ரூபாயைப் பற்றி மூன்று முறை தங்கள் கிளைக்கு வந்து சொல்லிவிட்டோம். இன்று 27ஆம் தேதி. புகார் எண் கூட இன்னும் தரப்படாததால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நூறு நாள் வேலையில் மண் சுமந்து தேய்ந்த விரல்கள் அம்மாவுடையவை. அன்று முதல் முறை ரேகை வைத்தபோது கருவி வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்து, பிறகு தோல்வி என்று காட்டியது. வேறு விரலை வைக்கச் சொன்னார் முகவர், ரேகை பொருந்தவில்லை. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து மூன்றாம் முறை வைத்தும் அதே பதில்தான். "சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். தோல்விக்கும் ரசீது எடுத்துத் தர முடியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது, அவரும் தரவில்லை. மறுவாரம் பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்தபோதுதான் பணம் போயிருந்தது தெரிந்தது.

தங்கள் கிளையில், "எங்கள் கணினியில் வெற்றி என்று இருக்கிறது, முகவரைக் கேளுங்கள்" என்றார்கள். முகவரோ, "என் கருவியில் தோல்வி, வங்கியைக் கேளுங்கள்" என்கிறார். இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும் என்பதுதான் இதில் வேடிக்கை. ஆதார் இணையதளத்தில் அம்மாவின் ஆதார் எண்ணை உள்ளிட்டு, அதில் பதிவான கைப்பேசிக்கு வந்த ஓடிபியைக் கொடுத்து, சரிபார்ப்பு வரலாற்றை எடுத்துப் பார்த்தேன். 11.42க்கு வைத்த ரேகை பொருந்தியிருக்கிறது. அடுத்த இரண்டும் பொருந்தவில்லை. அதாவது முதல் முறையே தங்கள் வங்கி பணத்தைக் கழித்துவிட்டது. அந்தப் பதில் முகவரின் கருவிக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டாம் விரலும் பொருந்தியிருந்தால் இன்னொரு 3,000 ரூபாயும் போயிருக்கும். தேய்ந்த ரேகைக்கு முதல்முறையாக நன்றி சொன்னோம்.

"ரேகை பொருந்தியதால் பணம் வாங்கிவிட்டார்" என்ற வாதத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். பொருந்திய ரேகை, விரல் அம்மாவுடையது என்பதற்கு மட்டுமே சான்று. பணம் வாங்கியவர் யாராவது அடுத்த நான்கு நிமிடத்தில் மேலும் இரண்டு முறை விரல் வைத்துக்கொண்டு நிற்பாரா? உண்மையை அறிய ஒரே ஒரு இடத்தைப் பார்த்தால் போதும்: அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க ஆர்.ஆர்.என். எண்ணைக் கொண்டு, முகவரின் கணக்கில் அந்த 3,000 வரவு வைக்கப்பட்டதா என்று அவருடைய வங்கியிடம் கேட்க வேண்டும். வரவு இல்லையென்றால் பணம் வழியிலேயே நிற்கிறது. இருந்தால், கொடுக்காத பணத்துக்கு முகவர் வரவு பெற்றிருக்கிறார். அந்த எண் தங்கள் கணினியில் இருக்கிறது. முகவர் வேறொரு வங்கியைச் சேர்ந்தவர் என்பதால் அந்த வங்கியிடம் கேட்கும் வழியும் தங்களிடம்தான் இருக்கிறது, அறுபத்தேழு வயதுப் பெண்மணியிடம் இல்லை.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை தங்களுக்குத் தெரியாததன்று. ஆதார் வழியே பணம் எடுக்கையில் கணக்கில் கழிக்கப்பட்டு, முகவர் இடத்தில் உறுதிச் செய்தி வராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும்; தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலேயே. ஐந்து நாள் கெடு ஆகஸ்ட் 9 அன்று முடிந்தது. பத்தாம் தேதி முதல் இன்றுவரை 18 நாட்கள், 1,800 ரூபாய். கேட்காமலே தர வேண்டியதைக் கேட்டும் பெற முடியாமல், தங்கள் கிளைக்கு வந்து போன பேருந்துக் கட்டணத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆதலால் 3,000 ரூபாயையும் உரிய இழப்பீட்டையும் அம்மாவின் கணக்கில் வரவு வைக்குமாறு மீண்டும் கேட்கிறேன். இத்துடன் சரிபார்ப்பு வரலாற்றின் நகலும் பாஸ்புக் பக்கத்தின் நகலும் உள்ளன. இவற்றைப் பெற்றுக்கொண்டு, எழுத்து மூலமான புகாராகப் பதிந்து, தேதியுடன் எண் தாருங்கள். புகார் கொடுத்து முப்பது நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நாள் எண்ணத் தொடங்குவதற்கே அந்தப் புகார் எண் வேண்டியிருக்கிறது. அதைத் தரத் தயங்குவது அதனால்தானோ என்று எண்ண வைத்துவிடாதீர்கள்.

கடுமையாக ஏதேனும் எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அம்மா அடுத்த மாத உதவித்தொகையை எடுக்க அதே முகவரிடம்தான் போயாக வேண்டும். அதற்கு முன் இந்தப் பணத்தை வரவு வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கிளை வாடிக்கையாளரின் மகள்