ஆசிய மனித உரிமை நீதிமன்றம் கேட்டுக் கையெழுத்துத் திரட்டும் நண்பர்களுக்கு

வணக்கம். நீங்கள் அனுப்பிய மனுவைப் படித்தேன். ஐரோப்பா, அமெரிக்கக் கண்டம், ஆப்பிரிக்கா மூன்றுக்கும் மனித உரிமைக்கென்று தனி நீதிமன்றம் இருக்கிறது, ஆசியாவுக்கு மட்டும் இல்லை என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் மூன்றாம் பத்தியில் "அவற்றைப் போன்ற ஒரு நீதிமன்றம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் பேனா நின்றுவிட்டது. எதைப் போல? மூன்றும் ஒன்றுபோல இல்லை. உறவைப் பறிகொடுத்த ஒருவர் ஒவ்வொன்றின் வாசலிலும் போய் நின்றால் என்ன ஆகும் என்று மூன்று வழக்குகளை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் மெக்சிகோ. 2001 நவம்பரில் சியுதாத் ஹுவாரெஸ் நகரத்தில் ஒரு பருத்திக் காட்டில் எட்டுப் பெண்களின் உடல்கள் கிடைத்தன. அவர்களில் மூன்று பேரின் குடும்பங்கள் கடைசிவரை போராடின. அந்த மூவரில் இருவர் பதினெட்டு வயதுகூட ஆகாத சிறுமிகள். பெண்ணைக் காணவில்லை என்று தாய்மார் புகார் கொடுக்கப் போனபோது, காதலனோடு போயிருப்பாள் என்கிற தோரணையில்தான் அதிகாரிகள் பேசினார்கள். தேட வேண்டிய முதல் நாட்கள் அப்படியே போயின.

அந்தத் தாய்மார் நேரே நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அமெரிக்கக் கண்ட நாடுகளின் மனித உரிமை உடன்படிக்கையின்படி, கோஸ்டா ரிகாவின் சான் ஹோசேயில் இருக்கும் நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டுபோகும் உரிமை அரசுகளுக்கும் வாஷிங்டனில் இருக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் மட்டும்தான். பாதிக்கப்பட்டவர் ஆணையத்திடம் மனுக் கொடுக்கலாம்; அது விசாரித்து, அரசுக்குப் பரிந்துரை சொல்லி, அரசு அசையாவிட்டால்தான் வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பும். 2002 மார்ச்சில் கொடுத்த மனு 2007 நவம்பரில்தான் சான் ஹோசே போய்ச் சேர்ந்தது. தீர்ப்பு 2009 நவம்பரில்.

துருக்கியில் ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு கொலை. தியார்பக்கிரில் ஒரு பெண்ணையும் அவளுடைய தாயையும் கணவன் பல வருடங்களாக அடித்து மிரட்டி வந்தான். மனைவியைக் கத்தியால் ஏழு இடத்தில் குத்தியதற்கு நீதிமன்றம் போட்ட தண்டனை ஓர் அபராதம். அதையும் எட்டுத் தவணையில் கட்டலாம் என்றது. 2002 மார்ச்சில் அவன் மாமியாரைச் சுட்டுக் கொன்றான். மகள் அதே வருடம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். அங்கே நடுவில் ஆணையம் கிடையாது. முன்பு இருந்தது, 1998-இல் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையைத் திருத்திய 11-ஆம் நெறிமுறை அதை எடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் நேரே நீதிமன்றத்துக்கு எழுதலாம் என்று ஆக்கியது. ஓபுஸ் எதிர் துருக்கி என்ற அந்த வழக்கில் தீர்ப்பு 2009 ஜூனில் வந்தது.

ஆக, நேர் வாசலிலும் ஏழு வருடம், சுற்று வாசலிலும் ஏழு வருடம். வாசல் திறந்திருந்தால் வேகம் கூடும் என்பதில்லை. கூட்டம்தான் கூடும். ஸ்ட்ராஸ்பர்க்குக்கு வரும் மனுக்களில் மிகப் பெரும்பாலானவை விசாரணைக்கு ஏற்கத்தக்கவை அல்ல என்று ஆரம்பத்திலேயே தள்ளப்படுகின்றன. உள்நாட்டின் கடைசித் தீர்ப்பு வந்த பிறகு மனுப்போட ஆறு மாதம் இருந்தது. 2022 பிப்ரவரியிலிருந்து நான்கே மாதம்.

சரி, இரண்டு தீர்ப்பும் என்ன சொல்லின? பெண்ணைக் காக்க வேண்டிய அரசு காக்கவில்லை, அதன் அடியில் பெண்களை இளக்காரமாகப் பார்க்கும் புத்தி இருக்கிறது. இரண்டுமே இதைத்தான் சொல்லின. ஆனால் நிவாரணத்தில் பாருங்கள். ஸ்ட்ராஸ்பர்க் கொடுத்தது மன உளைச்சலுக்கு 30,000 யூரோ, வழக்குச் செலவுக்கு 6,500. அவ்வளவுதான். ஐரோப்பிய உடன்படிக்கையின் 41-ஆம் பிரிவு கொடுக்கும் அதிகாரம் அந்த அளவுதான்: "நியாயமான ஈடு". சட்டத்தை எப்படித் திருத்துவது, காவல்துறையை எப்படி மாற்றுவது என்பதையெல்லாம் பெரும்பாலும் அரசிடமே விட்டுவிட்டு, உறுப்பு நாடுகளின் அமைச்சர் குழு மேற்பார்க்கும். அரசுகள் அரசுகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு. எப்போதாவது நீதிமன்றம் இதைத் தாண்டும். 2019-இல் சிறையில் இருந்த சமூகச் செயற்பாட்டாளர் ஒஸ்மான் கவாலாவை விடுவிக்கச் சொல்லித் துருக்கிக்கு உத்தரவிட்டது. விடவில்லை. 2022-இல் துருக்கி கடமை தவறியது என்று இன்னொரு தீர்ப்பும் வந்தது. அப்புறமும் விடவில்லை.

சான் ஹோசே நீதிபதிகள் எழுதிய பட்டியல் வேறு மாதிரி. கொலைகாரர்களைக் கண்டுபிடி. விசாரணையைக் கெடுத்த அதிகாரிகளையும் விசாரி. உடல்கள் கிடைத்த அதே பருத்திக் காட்டில் நினைவுச்சின்னம் கட்டு. பொது நிகழ்ச்சி நடத்தி அரசின் பொறுப்பை ஒப்புக்கொள். காணாமல் போன பெண்களுக்கென்று இணையதளம் வை, மரபணுத் தகவல்களைத் திரட்டி வை, தேடும் நடைமுறையை மாற்று, அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடு, குடும்பத்தாருக்கு மருத்துவ உதவி செய். பணமும் உண்டு. காரணத்தையும் சொன்னார்கள்: பாகுபாடு ஊறிக் கிடந்த பழைய நிலைமைக்கே ஆளைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினால் அது நிவாரணம் ஆகாது.

இதைச் செய்தார்களா என்று பார்ப்பதும் அதே நீதிமன்றம்தான். அரசிடம் அறிக்கை வாங்கும், தேவைப்பட்டால் கூப்பிட்டு விசாரிக்கும். 2013-இல் கணக்குப் பார்த்தபோது நினைவுச்சின்னம் நின்றது, கொலை விசாரணை நிலுவையில் இருந்தது. சிமெண்டும் காசும் வேண்டிய உத்தரவுகள் நடந்துவிடும். உள்ளூர்ப் போலீசும் அரசு வழக்கறிஞரும் தங்கள் ஆட்களையே தொட வேண்டிய உத்தரவு கிடப்பில் கிடக்கும்.

இனி ஆப்பிரிக்கா. உங்கள் மனுவை எழுதியவர் கவனிக்க வேண்டியது இதைத்தான். புர்க்கினா ஃபாசோவில் 1998 டிசம்பரில் நோர்பர்ட் சோங்கோ என்ற பத்திரிகையாளரும் கூட இருந்த மூவரும் எரிந்த காருக்குள் பிணமாகக் கிடந்தார்கள். அதிபரின் தம்பியுடைய டிரைவர் இறந்த விஷயத்தை அவர் துருவிக்கொண்டிருந்தார். உள்நாட்டில் 2006-இல் வழக்கை மூடினார்கள். குடும்பத்தார் டான்சானியாவின் அரூஷாவில் இருக்கும் ஆப்பிரிக்க நீதிமன்றத்துக்கு நேரே போனார்கள். 2014-இல் அரசு ஒழுங்காக விசாரிக்கவில்லை என்ற தீர்ப்பு வந்தது. 2015-இல் மனைவியருக்கு ஆளுக்கு இரண்டரைக் கோடி சி.எஃப்.ஏ. பிராங்க், பிள்ளைகளுக்கு ஒன்றரைக் கோடி, பெற்றோருக்கு ஒரு கோடி என்று கொடுத்து, விசாரணையைத் திரும்பத் தொடங்கவும் சொன்னது. கூட வழக்காடிய மனித உரிமை இயக்கத்துக்கு அடையாளமாக ஒரே ஒரு பிராங்க்.

நேரே போக முடிந்தது எப்படி? அந்த நாடு அதற்கென்று தனியாக ஓர் அறிவிப்பு எழுதிக் கொடுத்திருந்தது. ஆப்பிரிக்க நீதிமன்றத்தை அமைத்த 1998 நெறிமுறையின் 34(6)-ஆம் பிரிவு கேட்பது அதுதான். நெறிமுறையில் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. தனிமனிதர் வழக்குப் போடலாம் என்று அரசு தனியாக ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலான நாடுகள் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒப்புக்கொண்ட ருவாண்டா 2016-இல் பின்வாங்கியது. டான்சானியா 2019-இல், நீதிமன்றம் இருக்கும் நாடே அதுதான், அதிக வழக்குகள் வந்ததும் அதன் மேல்தான். 2020-இல் பெனினும் ஐவரி கோஸ்டும். மற்ற நாட்டு மக்களுக்கு காம்பியாவில் இருக்கும் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் உண்டு. அது சொல்வது பரிந்துரை, தீர்ப்பல்ல.

சோங்கோ வழக்கின் மிச்சக் கதையும் சொல்ல வேண்டும். விசாரணை திரும்பத் தொடங்கி, அதிபரின் தம்பி 2017-இல் பாரிசில் பிடிபட்டார். பிரான்ஸ் அவரைப் புர்க்கினாவுக்கு அனுப்ப முடிவெடுத்தது. அவர் ஸ்ட்ராஸ்பர்க் போனார். இடையில் புர்க்கினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. அவரை ஒழுங்காக நடத்துவோம் என்று பழைய அரசு கொடுத்த உத்தரவாதம் இப்போது செல்லுமா என்று பார்க்காமல் அனுப்பினால் உரிமை மீறல் என்று 2023-இல் தீர்ப்பு வந்தது. அரூஷா உயிர் கொடுத்த வழக்கின் சந்தேக நபர் ஸ்ட்ராஸ்பர்க் வாசலில் போய் நின்றார். எந்தத் தவறும் சொல்ல முடியாத தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் படித்தபோது தொண்டையை அடைத்தது.

ஆகவே மூன்றாம் பத்தியில் மூன்று விஷயம் சேருங்கள். சேரும் நாடு எதுவானாலும் அதன் மக்கள் நேரே வழக்குப் போடலாம், அதற்குத் தனி அறிவிப்பு தேவையில்லை என்று. பணத்தோடு நிற்காமல் சான் ஹோசே மாதிரி உத்தரவிடும் அதிகாரம் வேண்டும் என்று. நிறைவேற்றத்தை நீதிமன்றமே கண்காணிக்கும் என்று. முதல் விஷயத்தை எந்த அரசும் எளிதில் ஒப்புக்கொள்ளாது, 34(6) போல ஒன்றை நுழைக்கத்தான் பார்க்கும். அப்படி நுழைத்த வரைவு வந்தால் ஆதரிப்பீர்களா, எதிர்ப்பீர்களா என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். திருத்திய பிரதியை அனுப்பினால் அன்றே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.